இணையத்தள ஒப்பந்தமும் ‘முடிவுற்ற வேலை’ என்னும் பிரச்சினையும்

1

ஒரு சங்கமோ பதிப்பகமோ தனக்கென ஓர் இணையத்தளத்தை ஆக்கித் தருமாறு ஒரு தனிமனிதரிடம் வேலையை ஒப்படைக்கிறது. இவ்வாறான ஏற்பாடுகளில் எழும் பிணக்குகளிற் பெரும்பாலானவை மூன்று விடயங்களைச் சுற்றியே அமைகின்றன. எத்தனை முறை திருத்திக் கொடுப்பது, எந்நாளில் ஒப்படைப்பது, இறுதித் தவணைப் பணம் எப்போது கொடுபடுவது என்பனவே அவை. ஒப்பந்தம் எழுதுவோர் இவற்றை மூன்று தனித்தனி வாசகங்களாக எழுதிவிட்டு அமைதியடைகின்றனர். ஆனால் சற்று ஆழமாக நோக்கும்போது மூன்றும் ஒரே வினாவின் மூன்று முகங்கள் என்பது புலனாகும். வேலை ‘முடிந்துவிட்டது’ என்பதை யார், எதனை அளவுகோலாகக் கொண்டு தீர்மானிப்பது என்பதே அவ்வினா. திருத்தத்துக்கு எல்லை இல்லையேல் ஒப்படைக்கும் நாள் என்று ஒன்றில்லை. ஒப்படைக்கும் நாள் இல்லையேல் இறுதித் தவணை உரித்தாகும் நாளும் இல்லை. இக்கட்டுரை அவ்வினாவுக்கு ஒப்பந்தம் எவ்வாறு விடை கூறவேண்டும் என்பதை இலங்கைச் சூழலில் வைத்து ஆராய முற்படுகின்றது.

பிறீலான்சர் என்று வழங்கப்படும் சுயாதீனத் தொழில்வினைஞரின் சட்ட நிலையை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும். அவர் எவருடைய ஊழியரும் அல்லர். ஆகவே 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டமோ 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமோ அவரைக் காக்க முன்வருவதில்லை. அவருக்கும் வேலை தருவோருக்கும் இடையிலான உறவை ஆள்வது பொது ஒப்பந்தச் சட்டம் மாத்திரமே. இலங்கையில் அது பெரும்பாலும் உரோம-டச்சுச் சட்ட வழியில் வந்தது. அச்சட்டம் ஒருவரின் உழைப்பைக் கூலிக்குக் கொள்வதையும், ஒரு குறித்த ஆக்கத்தை முடித்துத் தருமாறு ஒருவரிடம் ஒப்படைப்பதையும் வேறுபடுத்துகின்றது. முன்னதில் உழைத்த காலத்துக்கு ஊதியம் உண்டு. பின்னதில், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, ஆக்கம் முடிந்த பின்னரே ஊதியம் உரித்தாகும். இணையத்தள வேலை இப்பின்னைய வகையைச் சார்ந்தது. மூன்று மாதம் உழைத்த ஒருவர், ஆக்கம் ‘முடியவில்லை’ என்ற ஒரு சொல்லினால் வெறுங்கையுடன் நிற்கக்கூடிய நிலை இதனாலேயே தோன்றுகின்றது. கூலித் தொழிலாளிக்கு நாட்கணக்கு எத்துணை முக்கியமோ, சுயாதீன வினைஞருக்கு ‘முடிவு’ என்பதன் வரைவிலக்கணம் அத்துணை முக்கியமாகும்.

மறுபுறத்தில், வேலை தருவோர் எல்லோரும் வலியோர் என்று கொள்வதும் பொருந்தாது. ஒரு சிறு சங்கம் தன் சேமிப்பைக் கொட்டி ஆக்குவித்த தளத்தின் கடவுச்சொற்கள் வடிவமைப்பாளரிடமே இருக்க, அவர் தொலைபேசியை எடுக்காமல் விடும்போது அச்சங்கம் முற்றிலும் அவர் கையில் இருக்கிறது. எனவே நல்ல ஒப்பந்தம் என்பது ஒரு பக்கத்தை மாத்திரம் காப்பதன்று. யார் கையில் எந்த வேளையில் எது இருக்கும் என்பதை ஒழுங்குபடுத்துவதே அதன் பணியாகும்.

2

எடுத்துக்காட்டாக ஒரு வேலையைக் கற்பனை செய்துகொள்வோம். யாழ்ப்பாணத்தில் ஓர் இலக்கியச் சங்கம் காலாண்டிதழ் ஒன்றை நடத்திவருகின்றது. அதன் பழைய இதழ்கள் நாற்பதையும் வாசகர் தேடிப் படிக்கத்தக்க ஓர் இணையத்தளம் அதற்குத் தேவை. ஒரு வடிவமைப்பாளர் 240,000 ரூபாவுக்கு அதனைச் செய்ய இசைகிறார். ஒப்பந்தத்தின் முதற்படிவம் இவ்வாறு அமைகின்றது: “இணையத்தளம் ஏப்பிரல் 11ஆம் திகதிக்கு முன் திருப்திகரமாக முடித்துக் கொடுக்கப்படும். தேவையான திருத்தங்கள் செய்து தரப்படும். அரைவாசிப் பணம் முன்னதாகவும் மீதி தளம் வெளியிடப்பட்ட பின்னரும் வழங்கப்படும்.”

மேலோட்டமாகப் பார்ப்போருக்கு இதில் குறை ஏதும் தென்படாது. ஆயினும் ஒவ்வொரு வாசகமும் ஒவ்வொரு பிணக்கின் வித்தாகும். ‘திருப்திகரமாக’ என்பது யாருடைய திருப்தி? சங்கத்தின் செயற்குழுவில் ஏழு பேர் உளர். ‘தேவையான திருத்தங்கள்’ என்பதற்கு எண்ணும் இல்லை, எல்லையும் இல்லை. ‘வெளியிடப்பட்ட பின்னர்’ என்பதோ வெளியிடும் அதிகாரம் படைத்தவரிடமே பணம் கொடுக்கும் நாளைத் தீர்மானிக்கும் அதிகாரத்தையும் ஒப்படைக்கின்றது. தலைவரின் வெளிநாட்டுப் பயணம் முடியும்வரை வெளியீட்டு விழா தள்ளிப்போனால், முடிந்த வேலைக்குரிய 120,000 ரூபாவும் தள்ளிப்போகும்.

இதனைத் திருத்தி அமைப்பதற்கு முதற்படி ஒப்பந்தத்தின் வாசகங்கள் அல்ல. ஒப்பந்தத்தோடு இணைக்கப்படும் வேலை அட்டவணையே. அதில் தளத்தின் பக்கங்கள் எவை, ஒவ்வொன்றும் என்ன செய்யவேண்டும், எதனை இத்தளம் செய்யாது என்பன எழுதப்படல் வேண்டும். இவற்றுள் மூன்றாவதையே பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர்.

நமது எடுத்துக்காட்டில் ‘தேடல் வசதி’ என்ற இரு சொற்களை எடுத்துக்கொள்வோம். சங்கத்தின் பழைய இதழ்களிற் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை. இன்னும் பழையவை அச்சுப் பிரதிகளாக மாத்திரம் எஞ்சி, ஒளிவருடி மூலம் படங்களாக்கப்பட்டவை. பாமினி எழுத்துருவில் திரையில் தமிழாகத் தோன்றுவது கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துகளின் வரிசையே. படமாக்கப்பட்ட பக்கத்திலோ எழுத்தே இல்லை. வாசகர் யூனிகோட்டில் ஒரு சொல்லைத் தட்டித் தேடும்போது இவ்விருவகை இதழ்களின் உள்ளிருந்தும் விடை வராது. சங்கம் இதனைப் பழுது என்று கூறும். வடிவமைப்பாளர் தாம் தேடல் வசதியைச் சரியாகவே அமைத்ததாகக் கூறுவார். இருவரும் உண்மையையே கூறுகின்றனர். ஒப்பந்தமே பேசாமல் இருந்துவிட்டது.

அட்டவணையில் பின்வருமாறு எழுதியிருந்தால் இப்பிணக்கு தோன்றியிராது: “தேடல் வசதி ஒவ்வோர் இதழின் ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர் பெயர் ஆகியவற்றுள் மாத்திரம் தேடும். இவை சங்கத்தினால் யூனிகோட்டில் தட்டச்சிட்டுத் தரப்படும். இதழ்களின் உட்பகுதியில் தேடுதலும் பாமினியை யூனிகோட்டாக மாற்றுதலும் இவ்வேலையுள் அடங்கா.” மாற்றும் வேலையை வடிவமைப்பாளரே ஏற்பதாயின் எத்தனை பக்கம், மெய்ப்புப் பார்ப்பவர் யார் என்பனவும் கூறப்படல் வேண்டும். மாற்றுக் கருவிகள் எழுத்துகளை மாற்றித் தருமாயினும், இடையே வந்த ஆங்கிலச் சொற்களும் இலக்கங்களோடு கலந்த குறிகளும் சிதைந்துவிடுதல் உண்டு. அதனை மனிதக் கண்தான் திருத்தவேண்டும்.

3

இனித் திருத்தங்களை நோக்குவோம். ‘திருத்தம்’ என்ற ஒரே சொல்லுள் மூன்று வேறுபட்ட பொருள்கள் மறைந்துள்ளன. ஒப்பந்தம் அவற்றைப் பிரித்து மூன்று பெயர் இடுதல் வேண்டும்.

முதலாவது வழு. அட்டவணையில் கூறியபடி தளம் இயங்காமை வழுவாகும். தலைப்பால் தேடினால் விடை வரவேண்டும் என்றிருக்க வராவிட்டால் அது வழு. இதனை நீக்குவது வடிவமைப்பாளரின் கடமை. அதற்குக் கட்டணமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. இரண்டாவது திருத்தம். அட்டவணையின் எல்லைக்குள் நின்று, செய்யப்பட்டதை வேறுவிதமாகச் செய்யக் கேட்பது திருத்தமாகும். முகப்புப் பக்கத்தின் நிறத்தை மாற்றுதல், இதழ்ப் பட்டியலைப் பழையதிலிருந்து புதியதாக அன்றிப் புதியதிலிருந்து பழையதாக அடுக்குதல் போன்றவை இதன்பாற்படும். இவை விலையுள் அடங்குவன. ஆனால் எண்ணப்பட வேண்டியன. மூன்றாவது மேலதிக வேலை. அட்டவணையில் இல்லாத ஒன்றைக் கேட்பது அது. சிங்கள மொழியிலும் ஒரு பிரதி வேண்டும், சந்தாப் பணத்தை இணையத்தின் வழியே கட்டும் வசதி வேண்டும் என்பன அத்தகையன. இவற்றுக்குப் புதிய விலையும் புதிய நாளும் எழுத்தில் இணங்கப்பட்ட பின்னரே வேலை தொடங்கும்.

ஒரு கோரிக்கை இம்மூன்றில் எதனைச் சார்ந்தது என்று ஐயுறும்போது செய்யவேண்டிய சோதனை எளியது. அட்டவணையை எடுத்துப் பார்த்தல் வேண்டும். அட்டவணை கூறியதற்கு மாறாகத் தளம் உள்ளதா? ஆம் எனில் வழு. அட்டவணைக்கு அமையவே உள்ளது, ஆனால் விருப்பம் மாறிவிட்டதா? திருத்தம். அட்டவணையில் அப்பொருளே இல்லையா? மேலதிக வேலை. அட்டவணை மங்கலாக இருந்தால் இச்சோதனையும் மங்கிவிடும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அடுத்து, எண்ணுவது எதனை? பல ஒப்பந்தங்கள் ‘மூன்று திருத்தங்கள்’ என்று கூறி நின்றுவிடுகின்றன. ஒரு நிறத்தை மாற்றுவது ஒரு திருத்தமா, இருபது மாற்றங்கள் கொண்ட ஒரு கடிதம் ஒரு திருத்தமா என்பது அங்கு தெளிவாக இல்லை. எண்ணப்பட வேண்டியது தனித்தனி மாற்றம் அன்று, சுற்று ஆகும். ஒரு சுற்று என்பது ஒரு கட்டத்தில் ஒப்படைக்கப்பட்டதைப் பார்த்து, வேலை தருவோர் தம் கருத்துகள் அனைத்தையும் ஒரே பட்டியலில் திரட்டி, குறித்த நாளுக்குள் எழுத்தில் அனுப்புவதும், வடிவமைப்பாளர் அவற்றைச் செய்து மீள ஒப்படைப்பதும் ஆகும். ‘ஒரே பட்டியல்’ என்பதே இதன் உயிர்நாடி. நமது சங்கத்தில் பத்திராதிபர் திங்களன்று சிவப்பு வேண்டும் என்றும், பொருளாளர் புதனன்று நீலம் வேண்டும் என்றும், செயலாளர் வெள்ளியன்று முன்பிருந்ததே நன்று என்றும் தனித்தனியே குறுஞ்செய்தி அனுப்பினால் செயற்குழுவின் உட்பூசலுக்கான செலவை வடிவமைப்பாளரின் உழைப்பே தாங்குகிறது. எனவே சங்கத்தின் சார்பில் கருத்துக் கூறும் ஒருவர் பதவியால் குறிக்கப்படல் வேண்டும். ஏனையோர் தம் கருத்தை அவரிடமே கூறவேண்டும். வாசகம் இவ்வாறு அமையலாம்:

“வடிவமைப்பு மாதிரிக்கு இரண்டு சுற்றும் முழுத்தளத்துக்கு இரண்டு சுற்றும் திருத்தம் விலையுள் அடங்கும். ஒவ்வொரு சுற்றுக்குமான கருத்துகளைச் சங்கத்தின் செயலாளர் ஒப்படைப்பிலிருந்து 5 வேலை நாட்களுக்குள் ஒரே பட்டியலாக மின்னஞ்சலில் அனுப்புவார். மேலதிகச் சுற்று ஒவ்வொன்றும் மணித்தியாலத்துக்கு 2,500 ரூபா வீதம் கணிக்கப்படும்; செலவாகும் நேரத்தின் மதிப்பீட்டைச் செயலாளர் முன்கூட்டி ஏற்றபின்னரே அது தொடங்கும்.”

சுற்றுகள் கட்டங்களோடு இணைக்கப்பட்டிருப்பதும் கவனிக்கற்பாலது. வடிவமைப்பு மாதிரி ஏற்கப்பட்டபின், முழுத்தளம் ஆக்கப்பட்ட நிலையில் மீண்டும் மாதிரிக்குத் திரும்புதல் வீட்டுக்குக் கூரை வேய்ந்தபின் அத்திவாரத்தை நகர்த்தக் கேட்பதை ஒக்கும். அது திருத்தம் அன்று, மேலதிக வேலை.

4

திகதி பற்றிய வாசகம் சட்ட நோக்கில் இரண்டு விளைவுகளை உடையது. உரோம-டச்சுச் சட்டத்தில், கடமையை நிறைவேற்றும் நாள் ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்டிருந்தால் அந்நாள் கடந்த மாத்திரத்தே கடமைப்பட்டவர் தவணை தவறியவர் ஆவார். நாள் குறிக்கப்படாதவிடத்து, நியாயமான கால அவகாசம் கொடுத்து அறிவித்தல் அனுப்பிய பின்னரே அவ்வாறு கொள்ள முடியும். ஆகவே ‘விரைவில்’, ‘இயன்றளவு சீக்கிரம்’ என்னும் சொற்கள் வேலை தருவோருக்குப் பாதகமானவை. ஆனால் ஒற்றைத் திகதி மாத்திரம் குறிக்கப்படுவது வடிவமைப்பாளருக்குப் பாதகமானது. ஏனெனில் இணையத்தள வேலை தாமதமாவதன் மிகச் சாதாரணமான காரணம் வடிவமைப்பாளரின் சோம்பல் அன்று. தளத்தில் இடவேண்டிய எழுத்தும் படங்களும் வந்துசேராமையே. கடமையை நிறைவேற்ற விடாமல் மறுதரப்பே தடையாக நின்றால் தாமதத்தின் பொறுப்பு அம்மறுதரப்பைச் சாரும் என்பது இச்சட்டத்தில் உண்டு. எனினும் நீதிமன்றத்தில் நிறுவவேண்டிய ஒன்றாக அதனை விட்டுவைப்பதிலும் ஒப்பந்தத்திலேயே கணக்காக எழுதிவிடுதல் மேலாகும்.

அக்கணக்கு இவ்வாறு அமையும். ஒற்றைத் திகதிக்குப் பதிலாக இருதரப்பின் கடமைகளும் மாறிமாறி வரும் ஒரு நாள்வரிசை எழுதப்படுகிறது. நமது எடுத்துக்காட்டில் பெப்புருவரி 3இல் கைச்சாத்து. பெப்புருவரி 24இல் வடிவமைப்பு மாதிரி. மார்ச் 3இல் மாதிரி பற்றிய சங்கத்தின் கருத்துகளும் நாற்பது இதழ்களின் கோப்புகளும் தலைப்புப் பட்டியலும். ஏப்பிரல் 11இல் சோதனைத் தளத்தில் முழுத்தளம். இதன் கீழ் ஒரே ஒரு விதி: “சங்கம் தரவேண்டியது எத்தனை நாள் பிந்துகிறதோ, அதற்குப் பின்வரும் திகதிகள் யாவும் அத்தனை நாள் பிந்தும்.”

சங்கத்தின் கோப்புகள் மார்ச் 24இலேயே வந்தன என்று கொள்வோம். பிந்திய நாட்கள் இருபத்தொன்று. ஆகவே முழுத்தளத்துக்குரிய நாள் ஏப்பிரல் 11 அன்று; மே 2 ஆகும். வடிவமைப்பாளர் மே 2இல் ஒப்படைத்தால் அவர் ஒருநாளும் பிந்தவில்லை. மே 9இல் ஒப்படைத்தால் பிந்தியது ஏழு நாள், இருபத்தெட்டு அன்று. யார் எவ்வளவு பொறுப்பு என்பதை எவரும் உரத்துப் பேசாமலேயே கூட்டிக் கழித்து அறியலாம். இதற்குத் தேவையான சான்று ஒன்றே: கோப்புகள் எந்நாளில் முழுமையாக வந்தன என்பதைக் குறிக்கும் மின்னஞ்சல். ‘முழுமையாக’ என்பதை வலியுறுத்த வேண்டும். முப்பத்தெட்டு இதழ் வந்து இரண்டு வராதிருப்பின் நாட்கணக்குத் தொடங்குவதா என்ற ஐயத்தை நீக்க, வடிவமைப்பாளர் பெற்ற நாளிலேயே ‘இவை கிடைத்தன, இவை எஞ்சியுள்ளன’ என்று பதில் எழுதுதல் நலம்.

இங்கு இரண்டு எல்லைகளைக் குறிப்பிடுதல் தகும். ஒன்று, நாளுக்கு நாள் தள்ளும் இவ்விதி நீண்ட தாமதத்துக்குப் பொருந்தாது. மூன்று மாதம் கழித்துக் கோப்புகள் வந்தால் வடிவமைப்பாளர் அதற்குள் வேறு வேலையை ஏற்றிருப்பார். எனவே தாமதம் 30 நாளைக் கடந்தால் புதிய நாள்வரிசை இணங்கப்படல் வேண்டும் என்றும், 60 நாளைக் கடந்தால் வடிவமைப்பாளர் அதுவரை முடித்த கட்டங்களுக்குரிய பணத்தைப் பெற்று ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்றும் எழுதலாம். மற்றொன்று, ‘வேலை நாள்’ என்ற சொல்லுக்குப் பொருள் கூறப்படல் வேண்டும். இலங்கையில் ஒவ்வொரு பூரணை நாளும் விடுமுறையாகும். ஏப்பிரல் நடுப்பகுதியில் புத்தாண்டு வருகிறது. சனி, ஞாயிறு, அரச விடுமுறைகள் நீங்கலான நாள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

வடிவமைப்பாளரே பிந்தினால் என்ன பரிகாரம்? நாளொன்றுக்கு இவ்வளவு ரூபா தண்டம் என்று எழுதும் வழக்கம் உண்டு. சிறிய வேலைகளில் இது பெரும்பாலும் பயனற்றது. பிந்தியவருக்குத் தண்டம் ஏற ஏற, முடித்துக் கொடுத்தாலும் ஒன்றும் கிடையாது என்ற நிலை தோன்றி, அவர் வேலையைக் கைவிடவே அது தூண்டும். அதனினும் பயனுடையது பின்வரும் ஏற்பாடு: உரிய நாள் கடந்ததும் சங்கம் எழுத்தில் அறிவித்து 10 வேலை நாள் அவகாசம் கொடுக்கும், அதற்குள்ளும் ஒப்படைக்காவிடின் ஒப்பந்தத்தை நீக்கி, ஏற்கப்பட்ட கட்டங்களுக்கு மாத்திரம் பணம் கொடுத்து, அவற்றின் கோப்புகளைப் பெற்று, வேறொருவரிடம் வேலையை ஒப்படைக்கும். சங்கத்துக்கு வேண்டியது தண்டப்பணம் அன்று, தளமே.

5

இறுதிக் கொடுப்பனவு பற்றிய வாசகத்திலேயே மேற்கூறிய யாவும் வந்து கூடுகின்றன. முதலில் பணத்தின் பங்கீடு. அரைவாசி முன்னும் அரைவாசி பின்னும் என்ற முறையில் இறுதித் தவணை மிகப் பெரிதாகிவிடுகின்றது. இறுதித் தவணை பெரிதாக இருக்குமளவுக்கு அதனைத் தடுத்துவைக்கும் ஆசையும், அதற்கு எதிராகக் கடவுச்சொற்களைத் தடுத்துவைக்கும் ஆசையும் வளரும். 240,000 ரூபாவை மூன்றாகப் பிரித்து, கைச்சாத்தின்போது 72,000, வடிவமைப்பு மாதிரி ஏற்கப்பட்டபோது 96,000, முழுத்தளம் ஏற்கப்பட்டபோது 72,000 என வைத்தால் எந்தக் கட்டத்திலும் செய்த வேலையும் பெற்ற பணமும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகா.

அடுத்து, இறுதித் தவணை எதனோடு பிணைக்கப்படுகிறது என்பது. அது ‘திருப்தி’யோடும் பிணைக்கப்படலாகாது, ‘வெளியீட்டோ’டும் பிணைக்கப்படலாகாது, ஏற்போடு பிணைக்கப்படல் வேண்டும். ஏற்பு என்பது சோதனைத் தளத்தை அட்டவணையோடு ஒப்பிட்டு ‘இது அட்டவணைக்கு அமைவானது’ என்று எழுத்தில் கூறுதல். அதனை மறுப்பதாயின் அட்டவணையின் எந்த இலக்கத்துக்கு மாறாக உள்ளது என்று சுட்டிக்காட்ட வேண்டும். மௌனமும் ஒரு விடையாக்கப்படல் வேண்டும். வாசகம் வருமாறு:

“முழுத்தளம் சோதனைத் தளத்தில் ஒப்படைக்கப்பட்டு 10 வேலை நாட்களுக்குள் சங்கம் அட்டவணையின் இலக்கத்தைக் குறித்துக் குறைகளை எழுத்தில் அறிவிக்காவிடின் தளம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். தளம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படினும் அவ்வாறே கொள்ளப்படும். இறுதித் தவணை ஏற்பு நாளிலிருந்து 7 நாட்களுக்குள் கொடுக்கப்படும்.”

இவ்வாசகத்தைச் சங்கம் அஞ்சவேண்டியதில்லை. ஏற்புக்குப் பின் தோன்றும் வழுக்களுக்கு வேறொரு வாசகம் உண்டு: ஏற்பு நாளிலிருந்து 60 நாட்களுக்குள் அறிவிக்கப்படும் வழுக்கள் கட்டணமின்றி நீக்கப்படும் என்பது. வழு நீக்கும் கடமையையும் பணம் கொடுக்கும் கடமையையும் இவ்வாறு பிரிப்பது இன்றியமையாதது. பிரிக்காவிடின், எங்கோ ஒரு பக்கத்தில் ஒரு படம் கோணலாகத் தெரிகிறது என்பதே 72,000 ரூபாவைத் தடுத்துவைக்கப் போதிய காரணமாகிவிடும்.

மூன்றாவதாக, கைமாற்றத்தின் ஒழுங்கு. ஆள்களப் பெயரும் தளம் தங்கும் வழங்கியின் கணக்கும் தொடக்கத்திலிருந்தே சங்கத்தின் பெயரிலும் சங்கத்தின் மின்னஞ்சலிலும் பதியப்படல் வேண்டும். வடிவமைப்பாளர் வசதிக்காகத் தம் பெயரில் பதிவதே பின்னர் சங்கங்கள் தம் பெயரையே இழந்து நிற்பதற்குக் காரணமாகின்றது. மறுபுறம், தளம் வடிவமைப்பாளரின் சோதனை வழங்கியிலேயே ஆக்கப்பட்டு, இறுதித் தவணை கிடைத்து 2 வேலை நாட்களுக்குள் சங்கத்தின் வழங்கிக்கு மாற்றப்படும். இவ்வாறாகச் சங்கத்தின் பெயர் சங்கத்திடமும், கொடுபடாத உழைப்பு உழைத்தவரிடமும் இருக்கின்றன. சங்கம் தான் பெறவிருப்பதைக் கண்ணால் கண்டு சோதித்த பின்னரே பணம் கொடுக்கின்றது.

உடைமை பற்றிய ஒரு சட்டக்குறிப்பும் இங்கு அவசியம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஊழியர் ஒருவர் தம் தொழிலின்போது ஆக்கியதன் பொருளாதார உரிமைகள், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, தொழில்கொள்வோரைச் சாரும். சுயாதீன வினைஞரோ ஊழியர் அல்லர். எனவே பணம் முழுவதும் கொடுக்கப்பட்டிருந்தாலும், உரிமையைக் கைமாற்றும் எழுத்து இல்லாவிடின் ஆக்கத்தின் உரிமை ஆக்கியவரிடமே நிற்கும். சங்கங்கள் பல இதனை அறியா. “இறுதித் தவணை கொடுபட்டவுடன், இத்தளத்துக்கென வடிவமைப்பாளர் புதிதாக ஆக்கியவற்றின் பொருளாதார உரிமைகள் சங்கத்துக்குக் கைமாறும்” என்ற வாசகம் இருதரப்பாலும் கைச்சாத்திடப்படல் வேண்டும். ‘புதிதாக ஆக்கியவை’ என்ற வரையறையும் தேவையானது. தளம் வேர்ட்பிரஸ் போன்ற திறந்த மென்பொருளின் மீது அமைவதாயின் அம்மென்பொருள் தனக்குரிய பொது உரிமத்தின் கீழ் உள்ளது. அதன் உரிமையைச் சங்கத்துக்குக் கைமாற்ற வடிவமைப்பாளரால் இயலாது.

6

இத்தனையும் எழுத்தில் வேண்டுமா என்று வினவுவோர் உளர். வாய்ச்சொல்லாலும் ஒப்பந்தம் உண்டாகலாம் என்பது உண்மையே. ஆனால் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், எழுத்திலமைந்த ஒப்பந்தத்தின் மீது வழக்கிட ஆறு ஆண்டு உண்டு. செய்த வேலைக்கும் உழைப்புக்குமான கடனைக் கோர ஓராண்டே உண்டு. எழுத்து இல்லாதவர் வருடம் ஒன்று கழிந்ததும் கேட்கும் உரிமையையே இழக்க நேரிடலாம். எழுத்து என்பது முத்திரைத்தாளாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் மின்னஞ்சல் வழி அமையும் ஒப்பந்தத்துக்கும் சட்ட வலு அளித்துள்ளது.

வேறொரு நாட்டின் அனுபவத்தோடு இதனை ஒப்பிடுதல் பயனுடையது. நியூயோர்க் நகரம் 2017 மே மாதத்திலிருந்து நடைமுறைப்படுத்திய சட்டம் ஒன்று, 800 டொலரும் அதற்கு மேற்பட்டதுமான சுயாதீன வேலைகளுக்கு எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. அவ்வொப்பந்தத்தில் பணம் கொடுக்கும் நாள் குறிக்கப்படாவிடின் வேலை முடிந்து 30 நாட்களுக்குள் பணம் கொடுக்கப்படல் வேண்டும் என்றும் அது விதித்தது. 2024இல் அவ்வேற்பாடு அம்மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. அதன் உள்ளடக்கம் புதுமையானதன்று. நமது எடுத்துக்காட்டு ஒப்பந்தம் கூறுவதையே அது கூறுகின்றது. வேறுபாடு யாதெனில், அங்கு ஒப்பந்தம் மௌனமாக இருக்கும்போது சட்டம் பேசுகின்றது. இங்கு ஒப்பந்தம் மௌனமாக இருந்தால் பலமுடையவரே பேசுகின்றார்.

எந்த ஒப்பந்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 72,000 ரூபாவுக்காக வழக்கறிஞரை நாடி நீதிமன்றம் செல்வது பெரும்பாலும் கட்டுபடியாகாது. ஆகவே இவ்வாசகங்களின் உண்மையான பயன் வழக்கில் அன்று, வழக்குத் தோன்றாமற் செய்வதில் உள்ளது. ஒரு கோரிக்கை வந்ததும் அட்டவணையைப் பார்த்து அது வழுவா, திருத்தமா, மேலதிக வேலையா என்று கூறமுடியுமானால், ஒரு தாமதம் நேர்ந்ததும் நாட்களைக் கூட்டிக் கழிக்க முடியுமானால், ஏற்பு நாளைத் தேடி மின்னஞ்சலை எடுத்துக் காட்ட முடியுமானால், இருதரப்பினரும் முகம் முறியாமல் பேச இயலும். நமது சங்கத்தின் செயலாளர் மே 2இல் ஒப்படைக்கப்பட்ட தளத்தை அட்டவணையோடு ஒப்பிட்டு, இரண்டு வழுக்களையும் ஒரு சுற்றுத் திருத்தத்தையும் எழுதி அனுப்பி, அவை முடிந்ததும் ஏற்பை எழுதுகிறார். அன்று வேலை முடிந்தது. அது முடிந்தது என்பதற்கு எவருடைய திருப்தியும் சான்றாக வேண்டியதில்லை.